எட்டு ஃபாரம், முந்நூறு பிரதி

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் போன தை மாதம் என்னைத் தேடி வந்தார். மஞ்சள் பையில் நாலு நோட்டுப் புத்தகம். சொந்த ஊரின் குளங்கள், திருவிழாக்கள், மறைந்துபோன தொழில்கள் பற்றி ஏழெட்டு வருடமாக எழுதிச் சேர்த்தது. பதிப்பகங்களுக்கு அனுப்பிக் காத்திருக்கப் பொறுமை இல்லை, சொந்தச் செலவில் போட்டுவிடுவது என்று முடிவோடு வந்திருந்தார். நான் அச்சகங்களில் பல காலம் பக்க வடிவமைப்பு செய்தவன் என்பது அவருக்குத் தெரியும்.

"தம்பி, ஒரு ஆயிரம் பிரதி போட்டுடலாமா? நிறையப் போட்டா அடக்கம் குறையும்ங்கறாங்களே."

அப்படிச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தை நம்பித்தான் தமிழ்நாட்டில் பல வீடுகளின் கட்டிலுக்கடியில் பிரிக்கப்படாத புத்தகக் கட்டுகள் கிடக்கின்றன. அன்று மத்தியானம் அவரோடு உட்கார்ந்து போட்ட கணக்கை இங்கே எழுதுகிறேன். விலைகள் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். திருவல்லிக்கேணிச் சந்தில் ஒரு விலை, சிவகாசியில் ஒரு விலை. ஆகவே என் ரூபாய்களைக் கணக்குப் போட்டுக் காட்டும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, நீங்கள் வாங்கும் விலைப்புள்ளியை அந்த இடங்களில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

முதலில் தெரியவேண்டியது பக்கம். நோட்டில் எத்தனை பக்கம் என்பது உதவாது, சொற்களை எண்ணவேண்டும். ஆசிரியரின் நோட்டில் பத்துப் பக்கத்தை எண்ணிச் சராசரி எடுத்துப் பெருக்கியதில் ஏறத்தாழ 28,000 சொற்கள் வந்தன. தமிழில் கதை, கட்டுரைப் புத்தகங்கள் பெரும்பாலும் டெமி அளவில் வருகின்றன. வெட்டி முடித்தபின் ஐந்தரை அங்குல அகலம், எட்டரை அங்குல உயரம். கண்ணுக்கு இதமான எழுத்தளவில் ஒரு டெமிப் பக்கத்தில் 230 சொற்கள் அளவுக்குப் பிடிக்கும். 28,000-ஐ 230-ஆல் வகுத்தால் 122 பக்கம். தலைப்புப் பக்கம், நூல் விவரம், பொருளடக்கம், முன்னுரை என்று முன்னால் ஆறு பக்கம். மொத்தம் 128.

இந்த 128 என்ற எண் தற்செயலாக அழகாக வந்துவிட்டது. அச்சகத்தில் யாரும் பக்கக் கணக்கில் பேசுவதில்லை, ஃபாரக் கணக்கில்தான் பேசுவார்கள். ஒரு டெமித் தாளின் ஒரு புறம் எட்டுப் பக்கம், மறுபுறம் எட்டுப் பக்கம். அச்சான தாளை மடித்தால் பதினாறு பக்கம். அதுதான் ஒரு ஃபாரம். 128 பக்கம் என்றால் சரியாக எட்டு ஃபாரம். இதுவே 131 பக்கம் ஆனால் மிஞ்சிய மூன்று பக்கத்துக்காக அரை ஃபாரம் கூடுதலாக ஓட்டவேண்டிவரும். அதற்கும் பிளேட் கூலி, ஓட்டுக் கூலி உண்டு. ஐந்து வெள்ளைப் பக்கங்களையும் காசு கொடுத்து வாங்கியவர் ஆவீர்கள்.

பக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அணிந்துரை. இரண்டு பக்கம் கேட்டால் பெரியவர்கள் அன்பு மிகுதியில் ஆறு பக்கம் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். வெட்டவும் முடியாது. அணிந்துரை கைக்கு வராமல் பக்கத்தை முடிவு செய்யாதீர்கள் என்பேன். வந்தபின் நாலு பக்கம் கூடிவிட்டால், எழுத்தளவை அரைப் புள்ளி குறைத்தோ வரி இடைவெளியைச் சற்று இறுக்கியோ எட்டு ஃபாரத்துக்குள் அடக்கிவிடலாம். வடிவமைப்பவருக்கு அது அரை மணி நேர வேலை. ஆனால் அது வேண்டும் என்று நீங்கள் கேட்கவேண்டும்.

இனிச் செலவு. நான் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்தேன். இடப்பக்கம், எத்தனை பிரதி போட்டாலும் மாறாத செலவு. வலப்பக்கம், பிரதிக்குப் பிரதி கூடும் செலவு. புத்தகச் செலவைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கோடு போதும்.

இடப்பக்கத்தில் முதலில் தட்டச்சும் பக்க வடிவமைப்பும். கையெழுத்துப் படி என்பதால் இரண்டுக்கும் சேர்த்துப் பக்கத்துக்கு 45 ரூபாய் வைத்தேன். 128 பக்கத்துக்கு 5,760. நீங்களே கணினியில் அடித்துக் கொடுத்தால் இதில் பாதிக்கு மேல் மிச்சம். ஆனால் தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் யூனிகோடில் அடித்திருப்பீர்கள், பல அச்சகங்களில் வடிவமைப்பவர்கள் இன்னும் பழைய எழுத்துருக்களில் வேலை செய்கிறார்கள். மாற்றிப் போடும்போது கொம்பும் காலும் இடம் மாறும், 'ஸ்ரீ', 'க்ஷ' உடையும், மேற்கோள் குறி வேறு எழுத்தாக நிற்கும். எனவே நீங்கள் வீட்டில் திருத்திக் கொடுத்த படி சுத்தமாக இருந்தாலும், பக்கமாக மாறிய பிறகு மறுபடி மெய்ப்புப் பார்த்தே ஆகவேண்டும். மெய்ப்புக்குப் பக்கத்துக்கு 15 ரூபாய் வைத்து 1,920 எழுதினேன்.

"மெய்ப்பு நானே பாத்துக்கறேன் தம்பி. நாப்பது வருஷம் பரீட்சைப் பேப்பர் திருத்தியிருக்கேன்" என்றார்.

"ஐயா, அது மத்தவங்க எழுதினது. நம்ம எழுதினதை நம்ம கண்ணு படிக்காது, நினைப்புதான் படிக்கும்" என்றேன். அவர் சிரித்துவிட்டு 1,920-ஐ அடிக்காமல் விட்டார்.

அடுத்து அட்டை வடிவமைப்பு, 3,000. இதைவிடக் குறைவாகவும் செய்வார்கள், நான்கு மடங்கு கேட்பவர்களும் உண்டு. பணத்தைவிட வரிசை முக்கியம். பக்க எண்ணிக்கை முடியாமல் அட்டையை முடிக்க முடியாது, ஏனென்றால் முதுகின் அகலம் தாளின் கனத்தைப் பொறுத்தது. 128 பக்கம் என்பது 64 தாள். 70 ஜி.எஸ்.எம். தாளில் அது ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டர் முதுகு தரும். இந்த அகலத்தைச் சொல்லாமல் அட்டை வரைந்து வாங்கினால் முதுகில் இருக்கவேண்டிய பெயர் முன்னட்டையில் எட்டிப் பார்க்கும். விலையும் பின்னட்டையில் அச்சாகிறது. ஆக, என்ன விலைக்கு விற்பது என்ற கணக்கு அட்டை அச்சுக்குப் போவதற்கு முன்பே முடிந்திருக்கவேண்டும். படத்தை இணையத்தில் பிடித்துப் போடச் சொல்லாதீர்கள். ஒன்று, அது இன்னொருவர் உடைமை. இரண்டு, செல்பேசித் திரையில் பளிச்சென்று தெரிவது அட்டையில் புள்ளி புள்ளியாகக் கலங்கிப்போகும். ஆசிரியரிடம் ஊர்க் குளத்துப் படிக்கட்டில் அவர் அப்பா நிற்கும் பழைய புகைப்படம் ஒன்று இருந்தது. அதை நல்ல துல்லியத்தில் ஸ்கேன் செய்யச் சொன்னேன், படச் செலவு அதோடு தீர்ந்தது.

இதுவரை 10,680 ரூபாய். ஒரு பிரதிகூட அச்சாகவில்லை.

இனி அச்சகத்தின் மாறாச் செலவு. ஆஃப்செட் இயந்திரத்தில் டெமித் தாளின் ஒரு புறத்துக்கு ஒரு பிளேட். எட்டு ஃபாரத்துக்குப் பதினாறு பிளேட், 250 வீதம் 4,000. ஓட்டுக் கூலி ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். இங்கேதான் நுணுக்கம் இருக்கிறது. நீங்கள் முந்நூறு போட்டாலும் ஐந்நூறு போட்டாலும் குறைந்தபட்சக் கூலி ஆயிரத்துக்குத்தான். பிளேட்டை மாட்டி, மையைச் சரிசெய்து, இயந்திரத்தை நிறுத்திக் கழுவுவதுதான் அவர்களுக்கு வேலை. தாள் ஓடுவது சில நிமிடம். பிளேட்டுக்கு 300 வீதம் பதினாறுக்கு 4,800. அட்டைக்கு நான்கு வண்ணம், நான்கு பிளேட், ஓட்டுக் கூலி சேர்த்து 3,000. அச்சகத்தின் மாறாச் செலவு ஆக மொத்தம் 11,800.

இடப்பக்கத்தின் கூட்டுத்தொகை 22,480.

வலப்பக்கம் சின்னது. உள்தாள், அட்டைத் தாளும் லேமினேஷனும், பைண்டிங். தாளின் கணக்கை மட்டும் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதை அச்சகத்தார் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். சந்தையில் டபுள் டெமித் தாள் 23-க்கு 36 அங்குலம். 70 ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் தாள் 70 கிராம் எடை. அந்தக் கணக்கில் 500 தாள் கொண்ட ஒரு ரீம் 18.7 கிலோ வரும். ஒரு டபுள் டெமித் தாளை இரண்டாக வெட்டினால் இரண்டு டெமி, அதாவது இரண்டு ஃபாரம். எட்டு ஃபாரப் புத்தகத்துக்கு ஒரு பிரதிக்கு நான்கு டபுள் டெமித் தாள் வேண்டும். எடை 150 கிராம். இயந்திரம் சரியாக மை பிடிக்கும்வரை வீணாவதையும் சேர்த்து 160 கிராம் என்று வையுங்கள். மேப்லித்தோ கிலோ 90 ரூபாய் என்றால் பிரதிக்கு ஏறத்தாழ 14 ரூபாய் 50 காசு. அட்டைத் தாளும் மேட் லேமினேஷனும் 5 ரூபாய், ஒட்டு பைண்டிங் 8 ரூபாய். ஆக 27 ரூபாய் 50 காசு. தையல் பைண்டிங் கேட்டால் கூடும். 128 பக்கத்துக்கு அது தேவையில்லை, நல்ல பசை போட்டால் ஒட்டே போதும்.

இனி மூன்று எண்ணிக்கையில் கூட்டிப் பார்த்தோம். முந்நூறு பிரதிக்கு 30,730 ரூபாய், ஒரு பிரதி 102. ஐந்நூறுக்கு 36,230, ஒரு பிரதி 72. ஆயிரத்துக்கு 49,980, ஒரு பிரதி 50.

"பாத்தியா! நூத்திரெண்டு ரூபா அம்பது ரூபாவா எறங்குது" என்று ஆசிரியரின் முகம் மலர்ந்தது.

எல்லோருக்கும் மலரும் இடம் அதுதான். ஆனால் இந்த அடக்க விலை அச்சான பிரதிகளால் வகுத்து வந்தது. உங்கள் பையைத் தொடும் அடக்க விலை, விற்ற பிரதிகளால் வகுத்து வருவது. ஆயிரம் போட்டு முந்நூற்றைம்பது விற்றால் ஒரு பிரதியின் அடக்கம் 50 அல்ல, 143.

அடுத்து அவரிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, இந்தப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று நம்பும் ஆட்களின் பெயரை எழுதச் சொன்னேன். 'பழைய மாணவர்கள்' என்று பொதுவாக எழுதக்கூடாது, பெயர் வேண்டும். காபி இரண்டு தடவை வந்து போனது. உறவு, ஊர்க்காரர்கள், உடன் வேலை பார்த்தவர்கள், இலக்கிய வட்டத்து நண்பர்கள் என்று எழுதி முடித்தபோது 163 பெயர். மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் சொன்னால் இன்னும் கொஞ்சம் வரும் என்றார். சரி, நேரடியாக 200 என்று வைத்துக்கொண்டோம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சின்ன வெளியீட்டு விழாவில் 120, தபாலில் 80.

இலவசப் பிரதியையும் எண்ணவேண்டும். யாரும் எண்ணுவதில்லை. 1954-ஆம் ஆண்டின் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதியை வெளியான முப்பது நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா, மும்பை, தில்லி நூலகங்களுக்கும் வெளியிடுபவர் தம் செலவில் அனுப்பவேண்டும். சொந்தமாகப் போடும்போது வெளியிடுபவர் நீங்கள்தான். அது நான்கு. அணிந்துரை தந்தவர், விமர்சனத்துக்கு இதழ்கள், விழாவில் மேடையில் இருப்பவர்கள், தகவல் சொன்ன ஊர்ப் பெரியவர்கள் என்று குறைந்தது நாற்பது போகும். ஐந்நூறு போட்டால் தாராளம் கூடி அறுபது போகும். கையில் நிறைய இருந்தால் கை நீளும், அது மனித இயல்பு.

விலை 150 என்று வைத்தோம். இனி ஒவ்வொரு வழியிலும் அந்த 150-இல் கைக்கு எவ்வளவு வருகிறது என்பதைப் பார்க்கவேண்டும்.

விழாவில் முழு விலைக்கு விற்க முடியாது. நூறு ரூபாய் என்று அறிவித்தால் நோட்டை நீட்டிவிட்டுச் சில்லறைக்கு நிற்காமல் வாங்குவார்கள். 120 பிரதிக்கு 12,000. தபாலில் அனுப்பும்போது எடை பார்க்கவேண்டும். நம் புத்தகம் உறையோடு சேர்த்தே 200 கிராமுக்குள். பழைய புத்தக அஞ்சல் முறை நின்றுபோன பிறகு, 2025 மே மாதம் அஞ்சல் துறை கியான் போஸ்ட் என்று ஒன்றைத் தொடங்கியது. 300 கிராம் வரை 20 ரூபாய், அதோடு வரி. கல்வி, சமூக, பண்பாட்டு நூல்களுக்கானது. வணிக வெளியீடும் விளம்பரம் தாங்கியவையும் சேராது. புத்தகத்தில் அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்கவேண்டும். தபாலும் உறையும் சேர்த்து 32 ரூபாய் போக 118 மிஞ்சும். 80 பிரதிக்கு 9,440.

கடை வழி வேறு மாதிரி. புத்தகக் கடைகள் 35 முதல் 40 சதவீதம் வரை கழிவு கேட்கும், விநியோகஸ்தர் வழியாகப் போனால் அதற்கு மேலும் ஆகும். 40 என்று வைத்தால் 90 ரூபாய். கட்டுக் கூலி, பார்சல் கூலிக்கு 5 போனால் 85. அதுவும் உடனே வராது. புதியவர் புத்தகத்தைக் காசு கொடுத்து எடுப்பது அரிது. வைத்து, விற்ற பிறகு தருவார்கள். ஆறு மாதம் கழித்துத் தொலைபேசியில் கேட்டால் 'பார்த்துச் சொல்கிறேன்' என்பார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பத்து பத்து பிரதியாக ஐம்பது எழுத்தாளருக்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். கொடுக்கும்போதே ரசீதில் எண்ணிக்கை, கழிவு, திருப்பித் தரும் நாள் மூன்றையும் எழுதி வாங்குவது நம் வேலை. சென்னைப் புத்தகக் காட்சியில் தனி எழுத்தாளருக்கு அரங்கு கிடைப்பது கடினம், தெரிந்த பதிப்பகத்தின் அரங்கில்தான் வைக்கவேண்டும். அங்கே வாசகருக்கு வழக்கமாகத் தரும் பத்து சதவீதத் தள்ளுபடியும் அந்தக் கழிவுக்குள்தான் அடங்கும்.

"லைப்ரரி ஆர்டர் வந்தா?" என்றார்.

வந்தால் நல்லது, விண்ணப்பிக்கலாம். ஆனால் வரவுக் கணக்கில் எழுதக்கூடாது. வருமா, எப்போது, எத்தனை என்று யாராலும் சொல்ல முடியாத வரவு அது. அதை நம்பி ஐந்நூறை ஆயிரமாக்கியவர்களை எனக்குத் தெரியும்.

கடைகளில் 60 விற்கும் என்று வைத்தால் 5,100. ஆக மொத்த வரவு 26,540. முந்நூறு போட்டால் நாற்பது இலவசம், இருநூறு நேரடி, அறுபது கடை என்று எல்லாம் தீர்ந்துவிடும். கைநட்டம் 4,190. ஐந்நூறு போட்டு இதே அளவு விற்றால் நட்டம் 9,690, வீட்டில் 180 பிரதி இருக்கும். அவை முழுக்கக் கடைகளில் விற்றால் லாபம்தான், ஆனால் புத்தகம் புதிதாக இருக்கும் முதல் ஆறு மாதத்தில் அறுபதுதான் போனது என்றால் அதற்குப் பிறகு வேகம் கூடாது. ஆயிரம் போட்டிருந்தால் நட்டம் 23,440. வீட்டில் 680 பிரதி, எடை நூறு கிலோவுக்கு மேல். கறையான் வேறு.

பெயர்ப் பட்டியல் அறுபது, எழுபதில் நின்றுபோனால் ஆஃப்செட் பக்கமே போகவேண்டாம். டிஜிட்டல் அச்சில் பிளேட் கிடையாது, ஓட்டுக் கூலியும் கிடையாது, பக்கத்துக்குக் காசு. பக்கம் 50 காசு என்றால் 64 ரூபாய், அட்டையும் பைண்டிங்கும் 30, ஆக ஒரு பிரதி 94. நூறு பிரதி 9,400 ரூபாய்தான். நான் வைத்த விலைகளில் டிஜிட்டலும் ஆஃப்செட்டும் சமமாகும் இடம் ஏறக்குறைய 180 பிரதி. நடைமுறையில் அச்சகத்தைப் பொறுத்து அது இருநூறு, முந்நூறு வரை நகரும். அதற்குக் கீழே டிஜிட்டல், மேலே ஆஃப்செட்.

கேட்கக் கேட்க அச்சடித்துத் தரும் இணைய நிறுவனங்களையும் ஆசிரியரின் பேரன் சொல்லியிருந்தான். 'லாபத்தில் முழுப்பங்கு எழுத்தாளருக்கு' என்று விளம்பரம். எதை லாபம் என்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். 150 ரூபாய்ப் புத்தகத்தில் இணையக் கடையின் கழிவு 60 போனால் 90. ஒற்றைப் பிரதியாக அச்சடிக்க 94-க்குக் குறையாது. பகிர்ந்துகொள்ள லாபமே இல்லை. அதனால்தான் அவ்வழியில் வரும் மெல்லிய புத்தகங்களுக்கு 250, 300 என்று விலை போட்டிருக்கிறது. வெளியூர் வாசகருக்கு ஒன்றிரண்டு அனுப்ப அது நல்ல ஏற்பாடு. ஊர்க்காரர்கள் நூறு பேர் வாங்கும் புத்தகத்துக்கு அது தோதுப்படாது. இன்னும் சில இடங்களில் வடிவமைப்பு, அட்டை, விழா, விளம்பரம் எல்லாம் சேர்த்துத் தொகுப்பாக ஒரு தொகை கேட்பார்கள். அப்படி ஒரு தொகுப்பில் சேர்ந்த நண்பர் ஒருவர், தம் சொந்தப் புத்தகத்தின் பிரதியை அவர்களிடமிருந்தே கிட்டத்தட்ட முழு விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார். ஒப்பந்தத்தில் அது எழுதியிருந்தது, அவர் படிக்கவில்லை. ஐ.எஸ்.பி.என். வாங்கித் தருவதற்கும் சில தொகுப்புகளில் கட்டணம் இருக்கும். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய நிறுவனம் அந்த எண்ணை இலவசமாகத் தருகிறது. isbn.gov.in தளத்தில் தனி எழுத்தாளரும் விண்ணப்பிக்கலாம். நாள் பிடிக்கும், எனவே மெய்ப்பு நடக்கும்போதே கேட்டுவிடவேண்டும்.

விலைப்புள்ளி வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. 'புத்தகத்துக்குத்தான் ஜி.எஸ்.டி. கிடையாதே' என்று இருந்துவிடக்கூடாது. நீங்கள் விற்கும் புத்தகத்துக்கு வரி கிடையாது என்பது உண்மை. ஆனால் நீங்கள் வாங்கும் தாளுக்கும் அச்சு வேலைக்கும் உண்டு. விற்பனையில் வரி இல்லாததால் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. மேலே நான் சொன்ன தொகைகள் வரி சேர்க்காதவை. 'வரி உட்படவா?' என்ற கேள்வியை வாயால் கேட்டால் போதாது, பதிலைத் தாளில் எழுதி வாங்குங்கள். அதே தாளில் உள்தாளின் ஜி.எஸ்.எம்., அட்டையின் ஜி.எஸ்.எம்., லேமினேஷன் வகை, பைண்டிங், பிரதி எண்ணிக்கை எல்லாம் இருக்கவேண்டும். இரண்டு அச்சகங்களின் விலையில் ஐயாயிரம் வித்தியாசம் வந்தால் பெரும்பாலும் தாளில்தான் வித்தியாசம் இருக்கும்.

தாளில் ஏமாந்தோமா என்பதைச் சமையலறைத் தராசு சொல்லும். எட்டு ஃபார டெமிப் புத்தகம், 70 ஜி.எஸ்.எம். உள்தாள், 300 ஜி.எஸ்.எம். அட்டை என்றால், ஓரம் வெட்டியபின் உள்ளே 135 கிராம், அட்டை 18 கிராம், ஆக 150 கிராமை ஒட்டி வரும். பத்துப் பிரதியைச் சேர்த்து வைத்தால் ஒன்றரைக் கிலோ. 60 ஜி.எஸ்.எம். தாளில் அடித்திருந்தால் பத்துப் பிரதிக்கு 200 கிராம் போலக் குறையும். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் பின்பக்கத்து எழுத்தும் முன்னால் தெரியும். பசையைச் சோதிக்க, ஒரு பிரதியை நடுவில் நன்றாக மலர்த்திப் பாருங்கள். 'பட்' என்று வெடித்து ஃபாரம் விலகினால் அந்தக் கட்டு முழுக்கப் பிரித்துப் பார்க்கவேண்டியதுதான். மீதித் தொகையைக் கொடுப்பதற்கு முன் இதையெல்லாம் செய்யவேண்டும்.

பிளேட் போட்ட பிறகு பிழை கண்டுபிடிப்பது இன்னொரு செலவு. பிளேட் எட்டுப் பக்கத்துக்கு ஒன்று. ஒரு பக்கத்தில் ஒரு பெயர் தவறினாலும் புதுப் பிளேட், மறு ஓட்டு. ஏற்கெனவே ஓடிவிட்டால் அந்த ஃபாரத்தின் முழுத் தாளும் போச்சு. முந்நூறு பிரதியில் ஒரு ஃபாரம் மறுபடி அடிக்க 250, 300 என்று இரண்டு புறத்துக்கும் 1,100, தாள் 540, ஆக 1,640 ரூபாய். ஆசிரியருக்கு மெய்ப்புக்காரரின் 1,920 அப்போதுதான் மலிவாகத் தெரிந்தது.

மாலை ஆகிவிட்டது. ஆயிரம் ஐந்நூறாகி, ஐந்நூறு முந்நூறாகியிருந்தது. அவருக்கு ஒரு குறை மட்டும் பாக்கி.

"முந்நூறும் தீந்துபோயி, இன்னும் வேணும்னு கேட்டா?"

அதற்கும் கணக்கு இருந்தது. மறு அச்சில் தட்டச்சு, மெய்ப்பு, அட்டை வடிவமைப்பு மறுபடி கிடையாது. அச்சகச் செலவு மட்டும் 20,050, ஒரு பிரதி 67 ரூபாய். முதலிலேயே அறுநூறு போட்டிருந்தால் 38,980. இரண்டு தடவையாகப் போட்டால் 50,780. வித்தியாசம் 11,800, அதாவது பிளேட்டும் ஓட்டுக் கூலியும். இரண்டாம் அச்சு தேவைப்பட்டால் மட்டும் கட்டவேண்டிய தொகை அது. தேவைப்படாவிட்டால், விற்காத முந்நூறுக்காக 8,250 ரூபாயை முதலிலேயே போட்டுவைக்காமல் தப்பித்தோம். இரண்டில் எது நடக்கும் என்பதை அவரைவிட அந்தப் பெயர்ப் பட்டியல் நன்றாகச் சொல்லும்.

ஆனால் மறு அச்சு மலிவாக வரவேண்டுமானால் கோப்புகள் நம் கையில் இருக்கவேண்டும். பிளேட்டுகளை அச்சகத்தில் வைத்திருக்கமாட்டார்கள். அலுமினியம், எடைக்குப் போய்விடும். பக்கங்களின் இறுதிப் பி.டி.எஃப்., வடிவமைத்த மூலக் கோப்பு, பயன்படுத்திய எழுத்துரு, அட்டையின் மூலக் கோப்பு நான்கையும் வேலை முடிந்த அன்றே பென் டிரைவில் வாங்கிவிடவேண்டும் என்றேன். முன்பணம் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிட்டால் பிறகு வாக்குவாதம் இருக்காது.

ஆசிரியர் நோட்டுப் புத்தகங்களை மஞ்சள் பைக்குள் வைத்தார். பெயர்ப் பட்டியலை மட்டும் மறுபடி வெளியே எடுத்து, பேனாவைத் திறந்து இரண்டு பெயரை அடித்தார்.

"இவங்க ரெண்டு பேரும் வாங்க மாட்டாங்க தம்பி. கையெழுத்துப் போட்டுக் குடுன்னு நிப்பாங்க. இலவசத்துல சேத்துடு."

நாற்பது என்று எழுதியிருந்ததை நாற்பத்திரண்டாக்கினேன்.